சுருளியில் மூன்று முங்கு... ஆற்றில் குளிப்பதில் அப்படி என்னதான் இருக்கு?

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ராத்திரி கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்னு பாருங்க. கையில் மஞ்சப்பை, அதுக்குள்ள ஒரு வேட்டி, துண்டு, ஒரு பொட்டலம் எள்ளு, ஒரு கட்டு அகத்திக்கீரை. இப்படி வந்து இறங்குற கூட்டத்தில் பாதிப் பேர் சுருளிக்குப் போறவங்க. கம்பத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்ல, மேகமலை அடிவாரத்தில் இருக்கு சுருளி தீர்த்தம். மற்ற நாட்கள்ல அது நமக்கு 'சுருளி ஃபால்ஸ்'. ரீல்ஸ் எடுக்கிற இடம். ஆடி, புரட்டாசி, தை மாத அமாவாசைகள்ல மட்டும் அது வேற இடமா மாறிடும்.

வீட்டில் பெரியவங்க கூப்பிட்டதால நீங்களும் ஒரு தடவை போயிருக்கலாம். அவங்க சொன்ன இடத்தில் நின்னு, 'முங்கு' என்றதும் முங்கி, நடுங்கிக்கிட்டே எழுந்து வந்திருப்பீங்க. 'எதுக்குப்பா இது?' என்று கேட்டால் வர்ற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: 'பாவம் போகும்.' உங்களுக்கு அது போதாத பதிலா தெரிஞ்சிருந்தால், அந்தச் சந்தேகம் ரொம்பப் பழசு. கங்கையில் குளிச்சாலும் காவிரியில் குளிச்சாலும், இறைவன் எங்கும் இருக்கிறான் என்ற நினைப்பு இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை என்கிற கருத்தை, சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னாடியே அப்பர் தேவாரத்தில் பாடிட்டார். அப்படியிருந்தும் கூட்டம் குறையலை. அப்போ ஜனங்க ஆற்றுக்கு வர்றதுக்கு வேற ஏதோ காரணம் இருக்கணும், இல்லையா?

தீர்த்தம் என்றால் தண்ணி இல்லை

அந்தக் காரணம் அந்தச் சொல்லிலேயே ஒளிஞ்சிருக்கு. கோயிலில் உள்ளங்கையில் ஊத்துற தண்ணியைத்தான் நாம தீர்த்தம்னு சொல்றோம். ஆனா சமஸ்கிருதத்தில் 'தீர்த்த' என்ற சொல்லுக்கு மூலப்பொருள், ஆற்றைக் கடக்கிற இடம். ஆழம் குறைவாக, கால் ஊன்றி அக்கரைக்குப் போகக்கூடிய இடம். நம்ம தமிழில் அதுக்கு நேரான சொல் 'துறை'. படித்துறை, நீர்த்துறை, வண்ணான்துறை எல்லாம் அந்தக் குடும்பம்தான். சமணர்கள் தங்கள் குருமார்களைத் 'தீர்த்தங்கரர்' என்று சொல்றதும் இதே பொருளில்தான். பிறவி என்ற ஆற்றைக் கடக்க வழி போட்டுக் கொடுத்தவர் என்று அர்த்தம்.

ஆக, புனிதம் முழு ஆற்றுக்கும் ஒரே அளவில் பரவிக் கிடக்கிற ஒன்றில்லை. அது ஒரு குறிப்பிட்ட கரையில், ஜனங்க இறங்கி ஏறுகிற இடத்தில் இருக்கு. அங்கே என்னத்தைக் கடக்கிறோம்? ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கருமாதி முடிஞ்சு தலை முழுகுற வரைக்கும் அந்த வீட்டுக்காரங்க 'தீட்டு' என்று ஒதுங்கி இருக்காங்க. கோயிலுக்குப் போறதில்லை, விசேஷத்துக்குப் போறதில்லை. அந்தக் காலம் முடிஞ்சது என்று ஊருக்கும் தெரியணும், அவங்க மனசுக்கும் தெரியணும். அதுக்கு ஒரு கோடு வேணும். முங்கி எழுவது அந்தக் கோடு. உள்ளே போகும்போது துக்க வீட்டுக்காரர். வெளியே வரும்போது மறுபடியும் நம்மில் ஒருத்தர்.

நூத்துச் சொச்சம் வயசு வெள்ளம்

'அதெல்லாம் சரி, ஆயிரக்கணக்கான வருஷமா ஓடுற ஆறு என்பதால்தானே புனிதம்?' என்று நீங்க கேட்டால், கம்பம் பள்ளத்தாக்கு கொஞ்சம் சிரிக்கும்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இறங்கி வந்து வைகையில் கலக்கிற ஆற்றை நாம முல்லைப் பெரியாறு என்கிறோம். இதில் இன்றைக்கு ஓடுற தண்ணியில் பெரும்பகுதி, இயல்பா இந்தப் பக்கம் வரவேண்டிய தண்ணியே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் ஓடி அரபிக்கடலில் கலக்கிற பெரியாற்றின் தண்ணி அது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, அந்தத் தண்ணியைக் கிழக்கே திருப்பியே ஆகணும் என்று பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தது. 1887-ல் வேலை ஆரம்பிச்சது. கர்னல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் அணை கட்டி, மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டு, 1895 அக்டோபரில் தண்ணியை இந்தப் பக்கம் திறந்துவிட்டாங்க. இன்றைக்கு அந்தத் தண்ணி லோயர் கேம்ப்பில் ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரம் தயாரிச்சுட்டுத்தான் ஆற்றுக்கே வருது.

இந்தப் பள்ளத்தாக்கில் அதுக்கு முன்னாடி ஆறே இல்லை என்று அர்த்தம் இல்லை. சுருளி மலையிலிருந்து இறங்கும் சுருளியாறு, இன்னும் பல மலை ஓடைகள் எல்லாம் மழையை நம்பி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில், உத்தமபாளையத்தில் 'தென்காளஹஸ்தி' என்று சொல்லப்படும் காளாத்தீஸ்வரர் கோயில் எல்லாம் அந்தப் பழைய ஆற்றங்கரைக் கோயில்கள்தான். பழைய படித்துறைக்குப் புதுத் தண்ணி வந்தது. ஜனங்க என்ன செஞ்சாங்க? 'இது டேம் தண்ணி, இதில் தர்ப்பணம் பண்ணக்கூடாது' என்று யாரும் சொல்லலை. அதே துறையில், அதே நாளில், அதே சடங்கைத் தொடர்ந்தாங்க. தண்ணியைக் கொண்டு வந்தவரையும் விட்டுடலை. பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-ம் தேதி தைப்பொங்கலை ஒட்டியே வர்றதால, அவர் படத்துக்கு முன்னாடி பொங்கல் வைக்கிற ஊர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பேரையே வைக்கிறவங்களும் உண்டு.

எனக்கு இதில்தான் விஷயம் பிடிபடுது. தண்ணி எங்கிருந்து வந்தது, எத்தனை வயசு என்பதை யாரும் கணக்குப் பார்க்கலை. அந்தக் கரையில் தாத்தாவுக்கு அப்பா எள்ளும் தண்ணியும் விட்டார், இப்போ அப்பாவுக்கு நான் விடறேன். இந்தத் தொடர்ச்சிதான் அந்த இடத்தைத் தீர்த்தமா வச்சிருக்கு.

ஒரு அமாவாசைக் காலை, ஆரம்பத்திலிருந்து

சரி, சுருளிக்கே போவோம். காலண்டரில் 'சர்வ அமாவாசை' என்று போட்டிருக்கும் நாளைப் பாருங்க. அமாவாசை திதி ராத்திரி 12 மணிக்கு ஆரம்பிச்சு மறுநாள் 12 மணிக்கு முடியாது; இன்றைக்கு மத்தியானம் தொடங்கி நாளைக்கு மத்தியானம் முடியலாம். இரண்டு நாளில் எது என்று குழம்பாமல் இருக்கத்தான் அந்தக் குறிப்பு. சூரியனும் சந்திரனும் வானத்தில் ஒரே திசையில் வர்ற நாள் அமாவாசை. ஆடியில் சூரியன் தெற்கு நோக்கிய பயணத்தை, அதாவது தட்சிணாயனத்தைத் தொடங்கும். தெற்கு என்றால் முன்னோர் திசை. அதனால் தட்சிணாயனத்தின் முதல் அமாவாசைக்கு இவ்வளவு மவுசு. உத்தராயணத்தின் முதல் அமாவாசையாக வருவது தை அமாவாசை.

முதலில் குளியல். இங்கேதான் பல பேர் தப்பு பண்றோம். தீர்த்தத்தில் முங்குவது அழுக்குத் தேய்க்கிற குளியல் இல்லை. அதை வீட்டிலேயே, தங்கியிருக்கும் ரூமிலேயே முடிச்சுட்டு வரணும். ஆற்றில் சோப்பு, ஷாம்பு கிடையாது. எச்சில் துப்புவது, துணி துவைப்பது எல்லாம் சாஸ்திரப்படியே தப்பு. இது இன்றைய சுற்றுச்சூழல் ஆட்கள் கண்டுபிடிச்ச விதி இல்லை. உடுத்தின துணியோடு இறங்கி, ஓடுற தண்ணி வர்ற திசையைப் பார்த்து நின்னு மூன்று முறை முங்கினால் போதும்.

அடுத்து சங்கல்பம். கரையில் உட்கார்ந்திருக்கும் புரோகிதர் கடகடன்னு ஏதோ சொல்லிக்கிட்டே போவார், நமக்கு ஒண்ணும் புரியாது. ஆனா அவர் சொல்றது ரொம்ப எளிமையான விஷயம்தான். இந்த வருஷம், இந்த அயனம், இந்த மாசம், தேய்பிறையில் இந்தத் திதி, இன்றைய கிழமை, நட்சத்திரம், நாம இருக்கிற இடம், என் பேர், நான் இன்னாருக்காக இதைச் செய்றேன். நீங்க போட்டோ போடும்போது தேதியும் லொக்கேஷனும் சேர்க்கிற மாதிரிதான். பொத்தாம்பொதுவா ஒரு முங்கு போடாமல், 'இந்த நாளில், இந்த இடத்தில், இவருக்காக' என்று அதைக் குறிச்சு வைக்கிற வேலை.

அப்புறம் அவர் பேர் கேட்பார். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் போனை எடுத்து அம்மாவுக்குக் கூப்பிடறோம். அப்பா பேர் தெரியும், தாத்தா பேர் தெரியும். தாத்தாவோட அப்பா பேர்? அம்மா வழியில் மூன்று தலைமுறை? மூன்று தலைமுறைப் பேரைச் சொல்லணும் என்பதுதான் முறை. போறதுக்கு முந்தின நாளே வீட்டில் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. கோத்திரம் தெரியலை என்றால் பதற வேண்டாம். 'சிவ கோத்திரம்' என்று சொல்லி நடத்துவது கரையில் வழக்கம்தான்.

தர்ப்பைப் புல்லில் முடிஞ்ச பவித்திரத்தை மோதிர விரலில் போட்டு, தெற்குப் பார்த்து உட்கார வைப்பாங்க. உள்ளங்கையில் எள்ளை வச்சு, தண்ணியோடு சேர்த்து விடணும். எப்படி விடறோம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கு. சாமிக்கு என்றால் விரல் நுனி வழியாகத் தண்ணியை விடணும். முன்னோருக்கு என்றால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கையைச் சாய்ச்சு விடணும். நம்ம உள்ளங்கையில் இந்த இடங்களுக்கும் 'தீர்த்தம்' என்றுதான் பேர். விரல் நுனி தேவ தீர்த்தம், கட்டை விரல் பக்கம் பித்ரு தீர்த்தம். ஆற்றில் இருக்கிற துறை மாதிரியே கையிலும் துறை. பேர் சொல்லி எள்ளும் தண்ணியும் விட்டு முடிச்சு, பிண்டம் வச்சால் அதைத் தண்ணியில் கரைச்சுட்டு, அகத்திக்கீரையைப் பசுவுக்குக் கொடுத்துட்டுக் கிளம்பலாம். கரையில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்காருவாங்க. இப்போ மகன் இல்லாத வீடுகளில் மகள்கள் வந்து உட்காருவதும் நடக்குது. அதை ஒரு மாதிரிப் பார்க்கிறவங்களும் இருக்காங்க. எனக்கு அதில் உறுத்தல் எதுவும் இல்லை.

வீரபாண்டியில் தண்ணிக்கு வேற வேலை

முன்னோருக்காக மட்டும்தான் ஆறு என்று நினைச்சுடாதீங்க. இதே முல்லையாற்றில் கொஞ்சம் கீழே, தேனிக்கு முன்னாடி வீரபாண்டி. சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழாவுக்கு முன்னாடி கோயிலில் அத்திமரத்தில் மூன்று கிளை உள்ள கம்பம் நடுவாங்க. ஜனங்க ஆற்றில் முங்கி, ஈரத் துணியோடு மண் கலயத்திலும் குடத்திலும் தண்ணி மொண்டு வந்து அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவாங்க. நல்ல வெயில் காலம். அம்மை கண்டு பிழைச்சவங்க, பிள்ளைக்கு நோய் தீரணும் என்று நேர்ந்துக்கிட்டவங்க எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருப்பாங்க. இங்கே மந்திரம் இல்லை, கோத்திரம் இல்லை, புரோகிதர் தேவையில்லை. சூட்டைத் தணிக்கிறது ஒன்றுதான் வேலை. அம்மனையும் குளிர்விக்கணும், உடம்பையும் குளிர்விக்கணும். சுருளியில் தண்ணி போனவங்க தாகத்துக்கு. வீரபாண்டியில் இருக்கிறவங்க உடம்புக்கு. ஒரே பள்ளத்தாக்குத் தண்ணிதான், கேட்கிற வேண்டுதல்தான் வேற.

எல்லாம் சரி, தண்ணி சுத்தமா?

'மூலிகை கலந்த தண்ணி, எந்த நோயும் அண்டாது' என்று சுருளியைப் பற்றிச் சொல்வாங்க. காட்டு வழியா இறங்குற தண்ணி என்பது உண்மை. நோய் தீரும் என்பதை நம்பிக்கை என்ற இடத்தில் வச்சுக்குவோம். அருவிக்கு மேலே பெரிய ஊர் இல்லாததால் அங்கே தண்ணி ஓரளவு தெளிவாக இருக்கும். பள்ளத்தாக்கில் கீழே போகப் போக, ஊர்ச் சாக்கடைகள் ஆற்றில் சேரும் இடங்கள் வந்துடும்.

தண்ணியின் தரத்தைப் பார்க்க ஒரு அளவு இருக்கு. குளிக்கத் தகுந்த ஆற்றுத் தண்ணியில் மலக்கழிவிலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லிக்கு 2,500-க்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. 2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் மகா கும்பமேளா நடந்துக்கிட்டு இருந்தப்போ, பல இடங்களில் அந்த அளவு மீறியிருந்தது என்று வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னதும், அதுக்கு உத்தரப்பிரதேச அரசு மறுப்புச் சொன்னதும் உங்க டைம்லைனிலும் வந்திருக்கும். லட்சக்கணக்கில் ஆட்கள் ஒரே துறையில் இறங்கினால் எந்த ஆறும் திணறும்.

நம்மால் லேப் வச்சுப் பார்க்க முடியாது. ஆனா பக்கத்தில் சாக்கடை வாய் இருக்கா, தண்ணியில் நுரை மிதக்குதா, வாடை வருதா என்று பார்க்கலாம். அப்படி இருந்தால் முங்கும்போது வாயை மூடிக்கோங்க. காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீங்க. ஆசமனம் என்று மூன்று தடவை தண்ணியை உறிஞ்சச் சொல்வாங்க. அதுக்கு வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு போன தண்ணி தாராளமாப் போதும். எந்தத் தண்ணியிலும் கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி ஏழையும் வரச்சொல்லி அழைக்கிற மந்திரம் சடங்கிலேயே இருக்கு. ஏழு நதியும் செம்புக்குள் வரும் என்றால், உங்க வாட்டர் பாட்டிலுக்குள் வராதா?

வெள்ளம்தான் இதைவிடப் பெரிய ஆபத்து. சுருளியில் வெயில் அடிக்கும்போதே மேகமலையில் மழை கொட்டும். தெளிவா இருந்த தண்ணி திடீர்னு கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்து, சத்தம் கனத்தால், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கரை ஏறணும். செல்ஃபி அப்புறம். கீழே முல்லைப் பெரியாற்றில் தண்ணி உயர்வதுக்கு மழையே வேண்டாம். மேலே திறப்பு கூடினாலே போதும், முழங்கால் அளவு இடுப்புக்கு வந்துடும். தடுப்பணைக்குக் கீழே தண்ணி விழுந்து சுழலும் இடம் அமைதியாத் தெரிஞ்சாலும் இறங்காதீங்க. சுருளி இப்போ புலிகள் காப்பகப் பகுதி. யானை நடமாட்டம் இருந்தாலோ வெள்ளம் வந்தாலோ வனத்துறை அருவிக் குளியலுக்குத் தடை போட்டுடும். வெளியூரிலிருந்து கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. தடை இருந்தால் கேட்டில் நின்னு சண்டை போடுறதில் அர்த்தமில்லை. கீழே ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுத்தாலும் அது தர்ப்பணம்தான்.

கழற்றிப் போட்ட வேட்டி

கடைசியா ஒன்று. அமாவாசைக்கு மறுநாள் இந்தக் கரைகளைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். வேட்டி, சேலை, துண்டு என்று பாறை இடுக்கெல்லாம் துணி சிக்கிக் கிடக்கும். உடுத்தின துணியை ஆற்றோடு விட்டால் பீடை போகும் என்று யாரோ சொல்லிவிட, ஆளாளுக்கு விட்டுட்டுப் போறாங்க. அந்தத் துணி மட்காது, மதகில் போய் அடைக்கும். துப்புரவுப் பணியாளர்கள்தான் இறங்கி இழுத்துப் போடணும்.

தர்ப்பண முறையில் ஈரத் துணிக்கு வச்சிருக்கிற வேலையே வேற. எல்லோருக்கும் பேர் சொல்லித் தண்ணி விட்டு முடிச்ச பிறகு, நனைஞ்ச துணியைக் கரையில் வந்து பிழியணும். ஆற்றுக்குள் இல்லை, கரையில். அப்படிப் பிழியும் தண்ணி, நம்ம வம்சத்தில் பிறந்து பிள்ளை இல்லாமல் செத்துப்போன, பேர் சொல்லித் தண்ணி விட ஒருத்தரும் இல்லாதவங்களுக்கு. கல்யாணம் ஆகாமலே போன சித்தப்பா, நீங்க பார்த்தே இராத அத்தை என்று பேர் விட்டுப்போன எல்லோருக்கும் அந்தத் தண்ணிதான் பங்கு. துணியை ஆற்றில் விட்டுட்டு வந்தால், அந்தப் பங்கு அவங்களுக்குப் போய்ச் சேராது.

பிழிஞ்சு உதறி, மஞ்சப்பையில் போட்டுக்கிட்டு பஸ் ஏறுங்க. வீட்டில் இன்னும் வாசலில் கோலம் போட்டிருக்க மாட்டாங்க. வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் வச்ச இலையில் முதல் உருண்டை மொட்டைமாடிக்குப் போகும். காக்கா வந்து எடுத்த பிறகுதான் உங்களுக்குச் சாப்பாடு.